தென்னை நடுவது பற்றி ஒரு பழமொழி. வார்த்தை ஒன்றும் ஞாபகம் இல்லை. பொருள் என்ன?

பேராவூரணிக்காரன் · ஜூன் 4, காலை

எங்கள் பெரியப்பா தென்னையைப் பற்றி ஒரு பழமொழி சொல்வார். எப்படித் தொடங்கும், எப்படி முடியும் என்று எதுவும் நினைவில் இல்லை. தென்னை நடுவது பற்றியது என்பது மட்டும் உறுதி. அவர் போய்விட்டார், பெரியம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது எதற்கு என்றால், 2018 நவம்பரில் கஜா வந்தபோது எங்கள் பக்கம் தென்னை எல்லாம் படுத்தது தெரிந்திருக்கும். எங்கள் பங்கில் ஒரு ஏக்கர் அப்படியே வெறும் பூமியாகக் கிடக்கிறது. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இந்த ஆடியில் கன்று வைக்கப் போகிறார். 18 அடிக்கு ஒன்று என்று கயிறு கட்டியாகிவிட்டது. நான் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்டதற்கு, "அப்பாவே சொல்வாருல்ல, அந்தப் பழமொழிப்படிதான்" என்கிறார். எந்தப் பழமொழி என்றால் அவருக்கும் வார்த்தை தெரியாது. பொருள் மட்டும் தெரியுமாம்: நெருக்கி வை, நிறைய காய் எடு.

பெரியப்பா அப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்காவது தெரியுமா?

மண்வாசனை · ஜூன் 4, மதியம்

இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்." பொருள், தென்னை சீக்கிரம் காய்க்கும், வைத்தவனே அனுபவிப்பான். பனை காய்க்க ஒரு தலைமுறை ஆகும். நம் முன்னோர் ஒரே வரியில் தாவரவியலையே அடக்கிவிட்டார்கள்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 4, மதியம்

அது எனக்கும் தெரியும். அது இல்லை. அவர் சொன்னதில் பனை வராது.

நாஞ்சில் · ஜூன் 4, மாலை

தென்னை மரத்தில் தேள் கொட்டினா பனை மரத்தில் நெறி கட்டிச்சாம்?

பேராவூரணிக்காரன் · ஜூன் 4, மாலை

அண்ணாச்சி, நடுவது பற்றி என்று எழுதியிருக்கிறேனே. இதில் நெறிதான் கட்டுகிறது. இதிலும் பனை.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 4, இரவு

தம்பி, "தென்னை" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தின காலத்தில் என்னிடம் இப்படிக் கேட்டு வருபவர்கள் நிறைய. வார்த்தை மறந்தால் அச்சில் வந்த தொகுப்புகள் பெரும்பாலும் கைவிட்டுவிடும். பெர்சிவல் 1874இல் போட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கிறது, ஆனால் அகர வரிசை. கி.வா.ஜ. தொகுத்த தொகுதிகளும் அகர வரிசை. முதல் சொல் தெரியாதவன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவான்? ஜென்சன் என்ற பாதிரியார் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து ஒன்று போட்டார். உமக்கு அது உதவலாம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பழமொழியில் தென்னை வருகிறது என்பதால் அது மரம் என்ற தலைப்பில் இருக்காது. பேராசையிலோ நன்றிகெட்ட தனத்திலோ உட்கார்ந்திருக்கும்.

அதனால் நான் வேறு விதமாகக் கேட்பேன். பெரியப்பா அதை யாரிடம் சொல்வார்? எந்த வேலையின் நடுவில் சொல்வார்? கோபமாகவா, சிரித்துக்கொண்டா? கை என்ன செய்யும்? வார்த்தை போனாலும் இதெல்லாம் போகாது. யோசித்துச் சொல்லும்.

பினாங்கு அக்கா · ஜூன் 5, காலை

ஐயா, இதே மாதிரி எனக்கும் ஒன்று உண்டு. எங்கள் பாட்டி எஸ்டேட்டில் இருந்தவர். உப்பு பற்றி ஒரு பழமொழி சொல்வார். உப்பு என்பது தவிர எதுவும் தெரியாது. அர்த்தம் சொல்ல முடியுமா?

மண்வாசனை · ஜூன் 5, காலை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை. பொருள், சோறு போட்டவரை மறக்கக் கூடாது.

பினாங்கு அக்கா · ஜூன் 5, காலை

அது பாடப் புத்தகத்தில் படித்தது. பாட்டி சொன்னது இல்லை.

பேராவூரணிக்காரன் · ஜூன் 5, இரவு

ஏட்டு ஐயா கேட்டபடி உட்கார்ந்து யோசித்தேன். சில விஷயங்கள் வருகின்றன.

அவர் அதை வீட்டில் சொன்னதாக நினைவே இல்லை. வயலில்தான். நடவு நடக்கும்போது வரப்பில் நின்றுகொண்டு நடவாட்களைப் பார்த்துச் சொல்வார். ஏதோ ஒரு இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். கோபம் கிடையாது, ஆனால் வேலை வாங்குகிற குரல். கை, ஆமாம், கை ஒன்று செய்யும். முதலில் விரலை லேசாக அகட்டிக் காட்டுவார். போகப் போகக் கை விரிந்துகொண்டே போய், தென்னை என்று வரும்போது இரண்டு கையையும் முழுசாக விரித்துவிடுவார். சின்னப் பிள்ளைகள் நாங்கள் அதைச் செய்து காட்டி விளையாடுவோம்.

இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது. நெல் நடவில் நின்றுகொண்டு தென்னையைப் பற்றி எதற்குப் பேசினார்?

பொள்ளாச்சி · ஜூன் 5, இரவு

அட, இது நண்டோட ஏரோடங்க! எங்க தோட்டத்துல எங்க அப்பாரு சொல்லுவாரு.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 5, இரவு

பொள்ளாச்சிக்காரர் முந்திக்கொண்டார். அதேதான்.

"நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட."

கை விரிந்துகொண்டே போனது என்று எழுதினீரே, அங்கேயே முடிந்துவிட்டது. தென்னை அதில் கடைசி உறுப்புதான். உம் நினைவில் கடைசி உறுப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் தென்னைப் பழமொழி என்று தேடினீர். உண்மையில் அது இடைவெளிப் பழமொழி. ஒரு நாற்றுக்கும் அடுத்த நாற்றுக்கும் நடுவே நண்டு ஓடுகிற அளவு, கரும்பு வரிசைக்கு நடுவே ஏர் ஓடுகிற அளவு, வாழைக்கு நடுவே மாட்டுவண்டி, தென்னைக்கு நடுவே தேர். அவ்வளவு இடம் விடு என்பது பொருள். நெருக்கி வை என்பதற்கு நேர் எதிர்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 5, நள்ளிரவு

இதேதான். இதே தாளம். ஆனால் எங்கள் பெரியப்பா கரும்புக்கு "நரியோட" என்பார். அந்த நரியில்தான் எல்லாரும் சிரிப்பார்கள்.

மண்வாசனை · ஜூன் 6, காலை

நண்டு என்று சொன்னதில் ஆழமான அறிவியல் இருக்கிறது. வயலில் நண்டு ஓடினால் மண் கிளறப்படும், வேருக்குக் காற்று கிடைக்கும். நண்டு உழவனின் நண்பன். அதனால்தான் நெல்லுக்கு நண்டு ஓட வேண்டும் என்றார்கள். இடைவெளி என்பது பிற்காலத்தில் வந்த மேலோட்டமான விளக்கம்.

பொள்ளாச்சி · ஜூன் 6, காலை

எனக்கு நெல் இல்லீங்க, தென்னந்தோப்புதான். ஆனா நண்டு நண்பன்னு டெல்டாக்காரங்ககிட்ட சொல்லிப் பாருங்க.

பேராவூரணிக்காரன் · ஜூன் 6, மதியம்

டெல்டாக்காரன் சொல்கிறேன். நண்டு வரப்பில் வளை போடும். ராத்திரி தண்ணீர் கட்டிவிட்டுக் காலையில் போனால் வயலில் தண்ணீர் இருக்காது, பக்கத்து வயலில் இருக்கும். நட்ட புதிதில் இளம் நாற்றை அடியோடு கத்தரித்துப் போடும். தண்ணீரில் மிதக்கிற நாற்றைப் பார்த்ததுமே நண்டு வேலை என்று தெரிந்துவிடும். எங்கள் ஊரில் நண்டு பிடித்துக் கொடுத்தால் காசு கொடுத்த மிராசுதார் உண்டு. நண்டை ஓடவிடுகிற உழவன் யாரும் கிடையாது. அது அளவுகோல்தான்.

ஆனால் காற்று என்று அவர் சொன்னதில் பாதி இருக்கிறது. நெருக்கி நட்டால் தூர் நிழலடித்து அடியில் ஈரம் தங்கும், அங்கேதான் புகையான் பூச்சி அடையும். நடு வயலில் வட்டமாகக் கருகினால், தீ வைத்த மாதிரி இருக்கும், அதுதான் புகையான். வேளாண்மைத் துறையில் எட்டு அடிக்கு ஒரு அடி சந்து விடச் சொல்வது இதற்காகத்தான். காற்று வேண்டும், சரி. அதை நண்டு கொண்டுவரவில்லை, இடைவெளி கொண்டுவருகிறது.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 6, மாலை

இதில் யாரிடம் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வரிசை நடவு, கயிறு, மார்க்கர் எல்லாம் வருவதற்கு முன்னால் நடவு என்றால் பெண்கள் குனிந்து பின்னால் நகர்ந்துகொண்டே கை போன போக்கில் குத்துவதுதான். அந்தக் கையிடம் போய் 20க்கு 10 சென்டிமீட்டர் என்று சொல்ல முடியாது. நண்டு ஓடட்டும் என்றால் உடனே புரியும், ஏனென்றால் நண்டு காலடியிலேயே ஓடுகிறது. ஒற்றை நாற்று முறையில் 25க்கு 25 சென்டிமீட்டர் என்று வந்தபோது, இவ்வளவு அகலமா என்று பல ஊரில் நடவாட்களே மலைத்தார்கள். நண்டு இன்னும் கொஞ்சம் பெரிய நண்டு ஆனது, அவ்வளவுதான்.

நரி, ஏர் இரண்டுமே வழங்குகின்றன. எது முந்தியது என்று என்னால் சொல்ல முடியாது. சிலர் வாழைக்கு நரியைக் கொண்டுபோய் வைத்துச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வரிசையும் மாறும். "தென்னைக்குத் தேரோட" என்று கடைசியிலிருந்து தொடங்குபவர்கள் இருக்கிறார்கள், "நண்டோட நெல்லு" என்று திருப்பிப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் வார்த்தை தெரிந்தே அகர வரிசையில் தேடினாலும் நெ, ந, தெ என்று மூன்று இடம் பார்க்க வேண்டியிருக்கும்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 6, இரவு

நரியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நரி கரும்பு தின்னும். கரும்புக் கொல்லையில் நரிக்கு வழி விடு என்று எந்த உழவன் சொல்வான்? அப்படிப் பார்த்தால் ஏர்தான் பொருந்துகிறது. ஆனால் சிரிப்பு நரியில்தான் வந்தது. நடவாட்கள் சிரிக்க வேண்டும் என்றே பெரியப்பா மாற்றியிருக்கலாம். அவர் செய்யக்கூடியவர்தான்.

பொள்ளாச்சி · ஜூன் 6, இரவு

கரும்புல ஏர் ஓடறதுக்கு வேலை இருக்குதுங்க. நட்டு 45 நாள் வாக்குல ஒரு தடவை, 90 நாள் வாக்குல ஒரு தடவை மண் அணைக்கணும். இல்லீன்னா கரும்பு சாஞ்சுரும். அந்தக் காலத்துல பார் நடுவுல மாடு கட்டி ஓட்டித்தான் மண் அணைச்சாங்க. 3 அடி பார் அதுக்குப் போதும். இப்ப மாடு ஏதுங்க? பவர் டில்லர், மினி டிராக்டர். அதுக்கு 4 அடி, 5 அடின்னு பார் அகலமாயிருச்சு. கரும்புக்கு டிராக்டரோடன்னு மாத்திக்க வேண்டியதுதான்.

நரி பாட்டுக்கு அது வழி தேடிக்கும்.

பினாங்கு அக்கா · ஜூன் 7, காலை

ஏட்டு ஐயா, நீங்கள் கேட்ட கேள்விகளை எனக்கும் கேட்டுப் பார்த்தேன். பாட்டி அதைத் தாத்தாவைப் பற்றித்தான் சொல்வார். சிரித்துக்கொண்டு சொல்வார், ஆனால் பின்னால் ஒரு பெருமூச்சு வரும். தாத்தா எஸ்டேட் வேலையை விட்டு ஒரு கடை போட்டு, அது நொடித்துப் போய், பிறகு இன்னொன்று போட்டு, அதுவும் நொடித்தது.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 7, மதியம்

அம்மா, "மாவு விற்கப் போனால் காற்றடிக்குது, உப்பு விற்கப் போனால் மழை பெய்யுது." எந்த வியாபாரத்தில் கை வைத்தாலும் அதற்கென்றே ஒரு கேடு வந்து நிற்கும் ஆளைச் சொல்வது. தாத்தா கதைக்குச் சரியாக உட்காருகிறது.

பினாங்கு அக்கா · ஜூன் 7, இரவு

அர்த்தம் சரியாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் பாட்டி மாவு என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஒரு மாடோ கழுதையோ வந்த மாதிரி இருக்கிறது. சித்தியைக் கேட்டுவிட்டு வருகிறேன்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 8, இரவு

அண்ணனிடம் பழமொழியைச் சொன்னேன். அவருக்கும் உடனே நினைவு வந்துவிட்டது, முழுசாகச் சொன்னார், கையையும் விரித்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்: "தேருன்னா எந்தத் தேரு?"

திருவாரூர் ஆழித்தேரா, நம் ஊர் மாரியம்மன் கோவில் தேரா? திருவாரூர்த் தேர் 96 அடி உயரம், 300 டன் என்கிறார்கள். அது ஓட இடம் விட்டால் ஏக்கருக்கு நாலு மரம்தான் மிஞ்சும். எங்கள் ஊர்த் தேர் தெருவில் திரும்புகிறதே, அதற்கு 18 அடி தாராளம் என்கிறார். அவர் சொல்வதைத் தள்ளவும் முடியவில்லை.

மண்வாசனை · ஜூன் 9, காலை

தேர் என்றால் இங்கே சோழர் காலப் போர்த்தேர்.

நாஞ்சில் · ஜூன் 9, காலை

போர்த்தேருக்கு எதுக்குவே தென்னந்தோப்பு?

பொள்ளாச்சி · ஜூன் 9, மதியம்

தேரை விடுங்க. மரத்தைப் பாருங்க. நல்லா வளந்த நெட்டை ரகத்துல ஒரு மட்டை 15 அடிக்கு மேல நீளும். நேரா நீட்டிக்கிட்டு நிக்காது, வளைஞ்சு தொங்கும். அதனால மரத்திலிருந்து ஒரு பக்கம் 12, 13 அடி அது பிடிக்கற இடம். ரெண்டு மரத்துக்கும் சேத்தா 25 அடி. அதுதான் 25க்கு 25ன்னு சொல்றது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்றதும் அதேதான், ஏழரை மீட்டர். வரப்போரமா ஒத்த வரிசை மட்டும் வெச்சா 20 அடி போதும்னு சொல்லுவாங்க, ஏன்னா ரெண்டு பக்கமும் வெளிச்சம் இருக்குது.

18 அடியில வெச்சா என்ன ஆகும்னு சொல்றேன், எங்க பக்கத்துத் தோட்டமே இருக்குது. மொத ஆறு ஏழு வருஷம் ஒண்ணும் தெரியாது. பாக்க அம்சமா, பச்சைப் பசேல்னு இருக்கும். நாங்களே கண்ணு வெச்சோம். காய்ப்புக்கு வர்ற சமயத்துல மட்டையோட மட்டை கோத்துக்கும். உச்சிக்கு வெளிச்சம் தேடி மரம் மேல மேல போகும், தண்டு ஒல்லியாகும். ஓரத்து மரமெல்லாம் வெளியே பாத்துச் சாஞ்சு நிக்கும். தோப்புக்கு வெளியே நின்னு அந்தச் சாய்வைப் பாத்தாலே உள்ள நெருக்கம்னு சொல்லிரலாம். ஓர மரத்துல குலை நல்லா இருக்கும், உள்ள போனா குரும்பை கொட்டிக் கெடக்கும். மரம் ஏறற ஆள் மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி வாங்கறார். காய் பாதி, கூலி முழுசு.

பேராவூரணிக்காரன் · ஜூன் 9, இரவு

இதை அப்படியே அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டார். ஏக்கர் 43,560 சதுர அடி. 25க்கு 25 என்றால் 70 மரம். 18க்கு 18 என்றால் 134. "ஏறக்குறைய ரெண்டு மடங்குடா. மரத்துக்குக் காய் குறைஞ்சாலும் மொத்தம் சரியாப் போகுமே." இதற்கு என்ன பதில்?

பொள்ளாச்சி · ஜூன் 10, காலை

பேப்பர்ல 134. பூமியில வராதுங்க. உங்க ஏக்கர் சதுரமா இருந்தா ஒரு பக்கம் 208 அடி. பக்கத்து நெலத்துக்காரன் சண்டைக்கு வராம இருக்கணும்னா வரப்புல இருந்து இடைவெளியில பாதி விடணும். 25 அடிக்கு ரெண்டு பக்கமும் பன்னண்டரை விட்டா வரிசைக்கு 8 மரம், 8 வரிசை, 64. 18 அடிக்கு ரெண்டு பக்கமும் 9 விட்டா வரிசைக்கு 11, மொத்தம் 121. ரெண்டு மடங்கு இல்லீன்னாலும் கிட்டத்தட்டன்னு சொல்லுவாரு. சரி, இருக்கட்டும்.

121 குழி வெட்டணும், 3 அடி நீளம் அகலம் ஆழம். 121 கன்னு வாங்கணும். உரம், சொட்டுநீர்க் குழாய், மரம் ஏறற கூலி, எல்லாம் 121க்கு. காய் வர்றது வெளிச்சத்துக்குத் தக்கத்தான். ஒரு ஏக்கர்ல விழுகிற வெயில் ஒரு ஏக்கர் வெயில்தான், மரத்தை எண்ணி அது கூடாது. இன்னொண்ணு, 25 அடியில வெச்சா மொத நாலஞ்சு வருஷம் நடுவுல வாழை போடலாம். மரம் நல்லா மேல போன பின்னாடி திரும்பவும் உள்ள வெளிச்சம் வரும், எங்க பக்கம் கோகோ போட்டிருக்கோம். 18ல அந்தப் பேச்சே கெடையாது.

மரம் கூட வேணும்னா ஒரு வழி இருக்குது. முக்கோணமா வைக்கச் சொல்லுங்க. இடைவெளி அதே 25தான், ஆனா ஒரு வரிசை மரம் அடுத்த வரிசையோட சந்துக்கு நேரா வரும். வரிசைக்கு வரிசை 21 அடி 8 அங்குலம் ஆயிரும். உங்க 208க்கு 9 வரிசை, எட்டும் ஏழுமா மாறி மாறி 68 மரம் வரும். நாலு மரம் லாபம், நெருக்கம் இல்ல. பெரிய பூமின்னா இன்னும் கூடும். ஆனா டிராக்டர் நேரா ஒரு பக்கம்தான் ஓடும், குறுக்கே ஓட்டறது சிரமம். தேரும் ஓடாது.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 10, மாலை

"மரத்தை எண்ணி வெயில் கூடாது." இவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் எதற்குப் பழைய தொகுப்பைப் புரட்டுகிறேன் என்று தெரியவில்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்தத் தேர் என்பது நியாயமான கேள்வி. ஆனால் நாலு உறுப்பையும் சேர்த்துப் பாருங்கள். வாழைக்கு வண்டி என்கிறது. மாட்டுவண்டி இரண்டு சக்கரத்தோடு போக 5 அடிக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். வாழை வைப்பது 6 அடிக்கு ஒன்று, பூவன் மாதிரி ரகத்துக்கு 7. அங்கே சரியாக இருக்கிறது. வண்டி போகிற இடைவெளியை விடத் தேர் போகிற இடைவெளி மிகப் பெரிது என்பது கேட்கிற எவனுக்கும் தெரியும். 18 அடியா 25 அடியா என்று அது தீர்த்துவைக்காது. தாராளமாக விடு என்கிற பக்கத்தில் நிற்கும், அவ்வளவுதான். அங்கிருந்து 25க்கு வருவது மட்டையின் நீளத்தால்.

இன்னொன்று. தேர் ஓட வடம் பிடிக்கிறவர்கள், சப்பரம், கட்டை போடுகிறவன் எல்லாரும் பக்கத்தில் நடப்பார்கள். உங்கள் மாரியம்மன் தேரே ஆனாலும் தேரின் அகலம் மட்டும் போதுமா என்று அண்ணனைக் கேளும்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 11, இரவு

கேட்டேன். "கட்டை போடுறவனை எல்லாம் கணக்குல சேர்த்தா எப்படி" என்கிறார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை.

யோசித்தால் அண்ணனை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியவில்லை. கஜாவில் ஒரே ராத்திரியில் போனது அவருடைய வருமானம். காய்ப்புக்கு வர இன்னும் எத்தனையோ வருஷம் காத்திருக்க வேண்டும் என்றால், மரத்தை அதிகமாக வைத்துவிட வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். எங்கள் பக்கம் புயலுக்குப் பிறகு நெருக்கி வைத்தவர்கள் அவர் ஒருவர் இல்லை. நெருக்கி வைத்தால் ஒன்றுக்கு ஒன்று காற்றுக்குத் தாங்கிக்கொள்ளும் என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. அது உண்மையா?

பொள்ளாச்சி · ஜூன் 12, காலை

எங்களுக்கு அந்த மாதிரிப் புயல் வந்ததில்லீங்க, அதனால கண்ணால பாத்ததா சொல்ல மாட்டேன். ஒல்லியா உசரமா போன மரம் நல்லாத் தாங்கும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

நாஞ்சில் · ஜூன் 12, மதியம்

2017ல ஒக்கி எங்க பக்கம் வந்துச்சு. ரப்பர், வாழை, தென்னை எல்லாம் போச்சு. நெருக்கமா நின்னது, தள்ளி நின்னது ரெண்டும் விழுந்துச்சு. நான் பாத்த வரைக்கும் வேர் பிடிக்காத மேட்டுல நின்னதுதான் மொதல்ல விழுந்துச்சு. ஒண்ணு சாயும்போது பக்கத்து மரத்தையும் இழுத்துக்கிட்டு விழுந்த இடமும் உண்டு.

மண்வாசனை · ஜூன் 12, மாலை

எனக்கு ஒரு ஐயம். நெல்லுக்கு நண்டு, வாழைக்கு வண்டி என்றால் மாமரத்துக்கு என்ன? பலாவுக்கு என்ன? முன்னோர் விட்டிருக்க மாட்டார்கள். மறைந்துபோன இரண்டு அடிகள் இருக்க வேண்டும்.

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 12, இரவு

நான் கேட்டதில்லை. நீரே இரண்டு அடி கட்டிப் போட்டுவிடாதீர், அடுத்த வருஷம் அது சித்தர் வாக்கு என்று எனக்கே வாட்ஸ்அப்பில் வரும்.

பேராவூரணிக்காரன் · ஜூன் 15, இரவு

இன்று பெரியம்மாவிடம் முழுசாகச் சொல்லிக் காட்டினேன். நரியா ஏரா என்று கேட்டேன். "ஆம்பளையாளுவ இருந்தா ஏருன்னுவாரு, நடவாளுவ இருந்தா நரின்னுவாரு" என்றார். ஆக, ஒரே ஆள் இரண்டையும் சொல்லியிருக்கிறார். ஏட்டு ஐயா இதை எந்தத் தொகுப்பில் எந்த எழுத்தில் போடுவார் என்று தெரியவில்லை.

அண்ணன் 18 அடிக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். 25க்கு வரவில்லை, 22 என்று நிற்கிறார். 22க்கு வரப்பில் பாதி விட்டால் வரிசைக்கு 9, மொத்தம் 81. பொள்ளாச்சி அண்ணே, 22 பரவாயில்லையா?

பொள்ளாச்சி · ஜூன் 16, காலை

நெட்டை ரகம்னா நான் வைக்க மாட்டேன். குட்டை ரகம்னா யோசிக்கலாம், மட்டை நீளம் குறைவு. என்ன கன்னு வாங்கியிருக்காரு?

பேராவூரணிக்காரன் · ஜூன் 16, காலை

கேட்டுச் சொல்கிறேன். நர்சரிக்காரர் கலப்பினம் என்றாராம், எதோடு எது என்று சொல்லவில்லையாம்.

பொள்ளாச்சி · ஜூன் 16, மதியம்

அதை மொதல்ல கேளுங்க. நெட்டையும் குட்டையும் சேந்த கலப்புல மட்டை நெட்டை மாதிரியே நீளும், குட்டைன்னு நெனச்சு வெச்சுட்டுப் பின்னாடி முழிக்கறவங்க நெறைய. ரசீது இல்லாமக் கன்னு எடுக்க வேண்டாம்.

பினாங்கு அக்கா · ஜூன் 18, காலை

சித்தி சொல்லிவிட்டார். கழுதைதான் வருகிறதாம், உப்பு மூட்டையும் வருகிறதாம், ஆற்றில் இறங்குகிறதாம். அதற்கு மேல் அவருக்கும் நினைவில்லை. ஆனால் அது பழமொழியா, பாட்டி சொன்ன கதையா என்று சித்தியே இப்போது சந்தேகப்படுகிறார். ஏட்டு ஐயா?

ஏட்டுச்சுரைக்காய் · ஜூன் 18, இரவு

கழுதை உப்பு மூட்டையோடு ஆற்றில் விழுந்து பாரம் குறைந்த கதை பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பாட்டி அந்தக் கதையையும் சொல்லியிருப்பார், மாவு உப்பு என்றும் சொல்லியிருப்பார், சித்தியின் நினைவில் இரண்டும் ஒரே மூட்டையில் ஏறியிருக்கலாம். ஆனால் தாத்தாவைப் பற்றிப் பெருமூச்சு விட்டுச் சொன்னது கழுதைக் கதையாக இருக்காது. அதில் கழுதைக்கு முதல் தடவை லாபம் அல்லவா? தாத்தா முதலில் போட்டது என்ன கடை, அடுத்து போட்டது என்ன கடை என்று சித்தியிடம் கேளுங்கள் அம்மா.